விடுப்புக்கு முன் திருத்த வேண்டிய ஒரு மடல்

விடுப்பில் செல்வோர் தம் மின்னஞ்சலில் தானியங்கிப் பதில் ஒன்றை அமைத்துச் செல்வதுண்டு. மும்பையிலிருந்து மசாலாப் பொருள்களை ஏற்றுமதி செய்யும் வணிகர் ஒருவர் 2026 ஏப்ரல் 6 முதல் 10 வரை விடுப்பெடுக்கிறார் எனக் கொள்வோம். புறப்படுவதற்கு முந்தைய இரவு அவர் எழுதிய வரைவு இது:

“வணக்கம். நாளை முதல் விடுப்பில் செல்கிறேன் (06/04/2026 – 10/04/2026). 11-ஆம் தேதி திங்கட்கிழமை திரும்புவேன். தங்கள் மடலைப் பார்த்தேன். விரைவில் பதில் தருவேன். அவசரமாயின் கணக்காளரை மேற்கண்ட எண்ணில் அழைக்கவும். அவர் உங்களுக்குத் தொடர்பு கொள்வார்.”

முதலில் தேதிகளைப் பார்ப்போம். நாம் நாளை முன்னும் மாதத்தைப் பின்னும் எழுதுகிறோம். அமெரிக்காவில் மாதமே முன்னால் வரும். நியூ ஜெர்சியில் கடை நடத்தும் தமிழர் இதனை ஜூன் 4 முதல் அக்டோபர் 4 வரை என்று படித்துவிட்டால், வேறொருவரிடம் சரக்குக் கேட்பதில் வியப்பில்லை. மாதத்தை எழுத்தால் எழுதுவதே இதற்கு மருந்து. அடுத்து, 2026 ஏப்ரல் 11 சனிக்கிழமை. திங்கட்கிழமை 13-ஆம் தேதியே. கிழமையும் தேதியும் முரண்படும்போது எதை நம்புவதெனப் படிப்பவர் அறியார். ஆகவே இரண்டையும் நாட்காட்டியோடு ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும்.

காலப் பிழை இதனினும் நுட்பமானது. மடல் எழுதப்படுவது 5-ஆம் தேதி. படிக்கப்படுவதோ 8-ஆம் தேதியாக இருக்கலாம். அன்று படிப்பவருக்கு ‘நாளை’ என்பது 9-ஆம் தேதி. படிப்பவரின் நாளில் நின்று ‘விடுப்பில் இருக்கிறேன்’ என்றே எழுத வேண்டும். ‘பார்த்தேன்’ என்பது உண்மையுமன்று: பதிலனுப்பியது கணினி. பணம் செலுத்தும் கெடு குறித்து எழுதியவர், செய்தி சேர்ந்துவிட்டதென்று எண்ணி வாளாவிருந்துவிடுவார்.

தொடர்பு வாக்கியத்தில் ‘மேற்கண்ட எண்’ என்கிறார். மேலே எண்ணே இல்லை. ‘உங்களுக்கு’ என்னுமிடத்தில் ‘உங்களை’ என வர வேண்டும். அதைத் திருத்தினாலும் யார் யாரை அழைப்பது என்ற குழப்பம் தீராது, அவ்வாக்கியத்தை நீக்கிவிடலாம்.

திருத்திய வடிவம்:

“வணக்கம். 2026 ஏப்ரல் 6 முதல் 10 வரை விடுப்பில் இருக்கிறேன். ஏப்ரல் 13, திங்கட்கிழமை பணிக்குத் திரும்பி, தங்கள் மடலைப் படித்துப் பதிலளிப்பேன். அவசரமாயின் எங்கள் அலுவலகத்தை அழைக்கவும்:”

இதன்கீழ் +91 சேர்த்துப் பத்து இலக்க எண்ணை எழுதி, அவ்வெண்ணை ஒருமுறை தாமே அழைத்துப் பார்த்தல் நன்று. கணக்காளரைச் சுட்டாமல் விட்டதற்குக் காரணம் உண்டு. இப்பதில் அறியாதவர்க்கும் செல்லும். முதலாளி ஊரில் இல்லை, பணம் கையாள்பவர் இன்னார் என்று தெரிந்தால், முதலாளியின் பெயரால் ‘உடனே பணம் அனுப்பு’ என்று கணக்காளருக்குப் போலி மடல் விடுப்பது மோசடிக்காரர்க்கு எளிது.

ஜிமெயிலில் Vacation responder பகுதியில் இதனை அமைக்கையில், Last day என்னுமிடத்தில் ஏப்ரல் 12 என இடுக. 10 என இட்டால் அன்று நள்ளிரவோடு பதில் நின்றுவிடும். சனி, ஞாயிறு எழுதுவோர்க்கு எதுவும் செல்லாது.