இறக்கும்போது மெத்தென்றுதான் இருக்கும்

அன்புள்ள கயலுக்கு,

போனில் நீ சொன்னதைக் கேட்டுச் சிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. வெளியே கரி, உள்ளே பச்சை வாசனை, அரைக் கிலோ வேர்க்கடலை குப்பைக்குப் போயிற்று என்றாய். சென்னைக்குப் போய் ஆறு மாதத்தில் வேர்க்கடலையாகிவிட்டது. நம் திண்டிவனம் பக்கம் அது மல்லாட்டைதான்.

தீயைக் கூட்டி வைத்தது ஒரு தப்பு. அதைவிடப் பெரிய தப்பு, வாயில் போட்டால் மொறுமொறுவென்று வரட்டும் என்று வாணலியிலேயே காத்திருந்தது. மல்லாட்டை சூடாக இருக்கும்வரை மொறுமொறுக்காது. நன்றாக வறுபட்டிருந்தாலும் மெத்தென்றுதான் கடிபடும். ஆறின பிறகுதான் இறுகும். இது தெரியாமல் ‘இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்’ என்று விட்டுத்தான் எல்லோரும் கருக்குகிறார்கள். நானும் கல்யாணமான புதிதில் அப்படித்தான் கருக்கினேன்.

அடுத்த தடவை கால் கிலோ மட்டும் எடுத்துக்கொள். முதலில் தட்டில் பரப்பிப் பொறுக்கு. உடைந்த பாதிகளையும் பொடிக்கொட்டைகளையும் தனியே வை. அவைதான் முதலில் தீய்ந்து மற்றவற்றுக்கும் கசப்பு வாசனை ஏற்றும். பூஞ்சணம் பிடித்தது, நிறம் மாறிச் சுருங்கினது எல்லாவற்றையும் எறிந்துவிடு. பூஞ்சணம் விடுகிற நஞ்சு வறுத்தாலும் முழுசாகப் போகாது.

கடற்கரையில் வண்டிக்காரர் மணலில் வறுப்பதைப் பார்த்திருப்பாய். சூட்டு மணல் கொட்டையைச் சுற்றி மூடிக்கொள்வதால் எல்லாப் பக்கமும் ஒரே சூடு ஏறுகிறது. நம் வாணலியிலோ உருண்டைக் கொட்டையின் ஒரு பொட்டு இடம்தான் அடியைத் தொடும். அதனால்தான் கரண்டி நிற்கக் கூடாது என்பது. நடுவில் போனை எடுக்காதே. கனமான இரும்பு வாணலி இருந்தால் நல்லது. உன் அறையில் இருக்கும் மெல்லிய அலுமினியச் சட்டியில் சுடர் படுகிற இடம் மட்டும் கொதிக்கும். அதில் தீயை இன்னும் குறைத்துக்கொள்.

வாணலி லேசாகக் காய்ந்ததும் கடலையைக் கொட்டி, தீயைச் சிம்மில் வை. எண்ணெய் வேண்டாம், அதற்குள்ளேயே பாதிக்குப் பாதி எண்ணெய்தான். முதல் ஐந்து நிமிஷம் ஒன்றும் நடக்காதது போல இருக்கும். அப்போதுதான் உள்ளே இருக்கும் ஈரம் வெளியேறுகிறது. பொறுமையில்லாமல் தீயைக் கூட்டினால் உள்ளே வேகுமுன் வெளியே கருகிவிடும். எட்டு, பத்து நிமிஷத்தில் பட்பட்டென்று ஒன்றிரண்டு வெடிக்கும், தோலில் கீறல் விழும், வாசனை எழும்பும். இதற்குப் பிறகு கடிகாரத்தை நம்பாதே. அரை நிமிஷத்துக்கு ஒரு கொட்டையை எடுத்து ஊதி ஆறவிட்டு, விரலால் நசுக்கு. தோல் உதிர்ந்து, இரண்டாகப் பிளந்து, உட்பக்கம் வெள்ளை போய் வெளிர் மஞ்சள் தெரிந்தால் அடுப்பை அணை. உள்ளே பொன்னிறம் நன்றாக ஏறட்டும் என்று நிற்காதே. என் வாணலியில் இது பன்னிரண்டு, பதின்மூன்று நிமிஷத்தில் வரும். உன்னுடையதில் முன்னே பின்னே ஆகலாம்.

அணைத்த கையோடு அகலமான தட்டில் கொட்டு. வாணலியில் விட்டால் அந்த இரும்பின் சூடே மேலும் வறுத்துவிடும். தட்டிலும் குவியலாக வைக்காமல் பரப்பு. கொட்டைக்குள் இருக்கும் சூடு மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்ளும்; நீ நினைத்த பொன்னிறம் அங்கேதான் வரும். மூடி போடாதே. ஆவி தண்ணீராகி, தோல் நமுத்து ஒட்டிக்கொள்ளும்.

தோலுக்கு அவசரப்படாதே. தொட்டால் சூடு தெரியாத அளவுக்கு ஆறட்டும். பிறகு ஒரு பருத்தித் துணியில் கட்டி, துணி துவைக்கிற மாதிரி இரண்டு உள்ளங்கையாலும் அழுத்தி உருட்டு. அதிகம் அழுத்தினால் எல்லாம் பருப்பாகப் பிளந்துவிடும். சட்னிக்கு என்றால் பரவாயில்லை, உருண்டை பிடிக்க முழுசு வேண்டுமானால் கையை லேசாக்கு. அங்கங்கே ஒன்றிரண்டில் தோல் விடாமல் இருந்தால், அவை சரியாக வறுபடாதவை. அவற்றை மட்டும் திரும்ப ஒரு நிமிஷம் வாணலியில் புரட்டு.

தோலைப் பிரிக்க முறம்தான் வேண்டும். உன் பாட்டி புடைத்தால் கொட்டை ஒன்றுகூடக் கீழே விழாது, தோல் மட்டும் பறக்கும். உன்னிடம் முறம் இல்லை. விளிம்பு உள்ள தட்டே போதும். மொட்டை மாடிக்குப் போய், காற்று உன் முதுகுப் பக்கமிருந்து வரும்படி நின்று, கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கிப்போட்டுப் பிடி, நடுநடுவே ஊது. காற்றுக்கு எதிரே நின்றால் தோல் எல்லாம் உன் கண்ணிலும் தலையிலும்தான். அதற்கு முன்னால் வீட்டுக்கார அம்மா கொடியில் துணி காயப்போட்டிருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்.

அன்புடன்,
சித்தி