உற்பத்தி வாய்ப்பு வளைகோடு

ஒரு பொருளாதாரம் தன்னிடமுள்ள வளங்களையும் தொழில்நுட்பத்தையும் முழுமையாகவும் திறமையாகவும் பயன்படுத்தி உற்பத்தி செய்யக்கூடிய இரு பண்டங்களின் பல்வேறு தொகுப்புகளைக் காட்டும் கோடு உற்பத்தி வாய்ப்பு வளைகோடு எனப்படும்.

எடுகோள்கள்

1. இரு பண்டங்கள் மட்டுமே உற்பத்தி செய்யப்படுகின்றன.
2. வளங்களின் அளவு மாறுவதில்லை.
3. தொழில்நுட்பம் மாறுவதில்லை.

அட்டவணை விளக்கம்

ஒரு சிற்றூரில் ஒரே பரப்புடைய ஐந்து வயல்கள் உள்ளன எனக் கொள்வோம். அவற்றில் நெல் அல்லது நிலக்கடலை பயிரிடலாம். கணக்கின் எளிமைக்காக, எந்த வயலிலும் கடலை 10 மூட்டை விளையும் எனக் கொள்வோம். நெல் விளைச்சலோ மண்ணைப் பொறுத்து வேறுபடும். மேட்டுப்பாங்கான மணல் வயலில் நீர் நிற்பதில்லை. அங்கு நெல் 10 மூட்டையே விளையும். அடுத்தடுத்த வயல்களில் முறையே 15, 20, 25 மூட்டைகளும், நீரைத் தேக்கி வைக்கும் களிமண் வயலில் 30 மூட்டைகளும் விளையும்.

தொடக்கத்தில் ஐந்து வயல்களிலும் நெல் பயிரிடப்படுகிறது. பின்னர், நெல் மிகக் குறைவாக விளையும் வயலில் தொடங்கி ஒவ்வொரு வயலாகக் கடலைக்கு மாற்றப்படுகிறது.

| புள்ளி | கடலை (மூட்டை) | நெல் (மூட்டை) | கூடுதல் 10 மூட்டைக் கடலைக்காக இழந்த நெல் |
|---|---|---|---|
| அ | 0 | 100 | – |
| ஆ | 10 | 90 | 10 |
| இ | 20 | 75 | 15 |
| ஈ | 30 | 55 | 20 |
| உ | 40 | 30 | 25 |
| ஊ | 50 | 0 | 30 |

வரைபடம் வரையும் முறை

கிடை அச்சில் கடலையையும் செங்குத்து அச்சில் நெல்லையும் குறிக்க வேண்டும். அட்டவணையிலுள்ள ஆறு புள்ளிகளையும் குறித்து, வரிசையாக இணைத்தால் உற்பத்தி வாய்ப்பு வளைகோடு கிடைக்கும். அது இடமிருந்து வலமாகக் கீழ்நோக்கிச் சரியும். ஆதிப்புள்ளியை நோக்கிக் குழிந்தும், வெளிப்புறமாகப் புடைத்தும் இருக்கும்.

வாய்ப்புச் செலவு

ஒன்றைப் பெறுவதற்காகக் கைவிடப்படும் சிறந்த மாற்று வாய்ப்பே வாய்ப்புச் செலவு ஆகும். முதல் 10 மூட்டைக் கடலையின் வாய்ப்புச் செலவு 10 மூட்டை நெல். கடைசி 10 மூட்டைக் கடலைக்கோ 30 மூட்டை நெல்லை இழக்க நேர்கிறது. கடலையின் விளைச்சல் ஒன்றே. ஆனால் அதற்காக விட்டுக்கொடுக்கப்படும் நிலம் நெல்லுக்கு மேலும் மேலும் ஏற்ற நிலமாக அமைகிறது. வாய்ப்புச் செலவு இவ்வாறு உயர்ந்து செல்வதே கோடு வெளிப்புறமாகப் புடைப்பதற்குக் காரணம். ஐந்து வயல்களும் ஒரே தன்மையுடையனவாக இருந்தால் வாய்ப்புச் செலவு மாறாது. அப்போது நேர்கோடே கிடைக்கும்.

கோட்டிற்கு உள்ளே அமையும் புள்ளி

மணல் வயலை விடுத்து, களிமண் வயலில் முதலில் கடலை பயிரிட்டால் 10 மூட்டைக் கடலையும் 70 மூட்டை நெல்லுமே கிடைக்கும். இதனை ‘எ’ எனக் குறித்தால், அது கோட்டிற்கு உள்ளே அமையும். எந்த வயலும் தரிசாக இல்லை. எனினும் 20 மூட்டை நெல் வீணாகிறது. ஆகவே வளங்கள் பயன்படாமல் கிடப்பதால் மட்டுமன்றி, தவறான பயனில் ஈடுபடுத்தப்படுவதாலும் பொருளாதாரம் கோட்டிற்கு உள்ளே நிற்கும். ‘எ’ புள்ளியிலிருந்து ‘ஆ’ புள்ளிக்குச் செல்லும்போது நெல் கூடுகிறது, கடலை குறைவதில்லை. எனவே அம்மாற்றத்திற்கு வாய்ப்புச் செலவு இல்லை.

எட்ட இயலாப் புள்ளி

அவ்வூர் 30 மூட்டைக் கடலையும் 75 மூட்டை நெல்லும் உற்பத்தி செய்ய விரும்புகிறது எனக் கொள்வோம். இத்தொகுப்பை ‘ஏ’ எனக் குறித்தால், அது கோட்டிற்கு வெளியே அமையும். 30 மூட்டைக் கடலைக்கு மூன்று வயல்கள் தேவை. எஞ்சிய இரு சிறந்த வயல்களில் 55 மூட்டை நெல்லே விளையும். குறையும் 20 மூட்டையை விளைவிக்க நிலம் இல்லை. ஆகவே ‘ஏ’ எட்ட இயலாப் புள்ளியாகும்.

ஆயினும், அப்புள்ளி என்றைக்கும் எட்ட இயலாதது என்று கருதக்கூடாது. வளமும் தொழில்நுட்பமும் மாறினால் கோடும் இடம்பெயரும். 1966ஆம் ஆண்டு பிலிப்பைன்ஸ் நாட்டிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட ஐ.ஆர்.8 போன்ற உயர் விளைச்சல் இரகங்கள் இத்தகைய மாற்றத்திற்கு எடுத்துக்காட்டு. புதிய இரகத்தால் நமது சிற்றூரில் ஒவ்வொரு வயலின் நெல் விளைச்சலும் ஒன்றரை மடங்காகிறது என்போம். அப்போது 30 மூட்டைக் கடலையுடன் 82.5 மூட்டை நெல் விளைவிக்கலாம். ‘ஏ’ புதிய கோட்டிற்கு உட்பட்டுவிடும். கடலை விளைச்சல் மாறாததால் ‘ஊ’ புள்ளி நகராது; கோட்டின் மேல்முனை மட்டும் 100இலிருந்து 150க்கு உயரும்.

சிந்திக்க

1. 25 மூட்டைக் கடலை, 65 மூட்டை நெல் என்னும் தொகுப்பு, பழைய கோட்டின் மீது அமையுமா, உள்ளே அமையுமா, வெளியே அமையுமா? ஒரு வயலை இரு பாதிகளாகப் பிரிக்கலாம் எனக் கொண்டு விடை காண்க.
2. புதிய நெல் இரகம் வந்தபின் முதல் 10 மூட்டைக் கடலையின் வாய்ப்புச் செலவு எவ்வளவு? அது உயர்ந்ததா, குறைந்ததா? காரணம் கூறுக.