வாடகையா, விலை ஏற்றமா? ஃப்ளாட் வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

ஏலக்காய் விற்ற பணம் கையில் சேர்ந்ததும், "மதுரையில் ஒரு ஃப்ளாட் வாங்கிப் போட்டால் என்ன?" என்ற பேச்சு போடி வீடுகளில் எழும். வாடகையும் வரும், விலையும் ஏறும் என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். இரண்டும் வேறு வேறு வரவு. ஒன்றில் விழும் குறையை மற்றது நிரப்புமா என்பதை வாங்கும் முன்பே ஒரு தாளில் போட்டுப் பார்த்துவிடலாம். இங்கே வரும் ஃப்ளாட் ஓர் எடுத்துக்காட்டுதான். உங்களிடம் சொல்லப்படும் விலையையும் வாடகையையும் அதன் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

1. காயையும் தோட்டத்தையும் பிரித்துப் பாருங்கள்

தோட்டக்காரருக்கு இது புதிதல்ல. செடி ஆண்டுதோறும் தரும் காய் ஒரு வரவு. தோட்டத்தையே விற்றால் கிடைக்கும் விலை இன்னொரு வரவு. ஃப்ளாட்டில் வாடகைதான் காய். அது மாதாமாதம் கைக்கு வரும், அதில் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தைக் கட்டலாம். விலை ஏற்றமோ விற்கும் நாளில்தான் பணமாகும். அதுவரை அது பிறர் வாயால் கேட்கும் ஓர் எண் மட்டுமே. எனவே தாளை இரண்டாக மடித்து, இடப்பக்கம் வாடகையையும் வலப்பக்கம் விலை ஏற்றத்தையும் எழுதுங்கள். இடப்பக்கத்தை இன்றே விசாரித்து நிரப்பிவிடலாம். வலப்பக்கத்தில் எழுதுவது எல்லாமே ஊகம்.

2. வாடகையை மொத்தச் செலவால் வகுங்கள்

மதுரையில் கட்டி முடித்த புது ஃப்ளாட் ஒன்று, 850 சதுர அடி, விலை 40 லட்சம், மாத வாடகை 13,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். விற்பவர் ஆண்டு வாடகை 1,56,000 ரூபாயை 40 லட்சத்தால் வகுத்து, 3.9 சதவீதம் என்பார். இந்தக் கணக்கு இரண்டு பக்கமும் பிசகு.

முதலில் செலவுப் பக்கம். கட்டியவரிடமிருந்து முதன்முறையாக வாங்கும், 50 லட்சத்துக்கு உட்பட்ட ஃப்ளாட்டுக்குத் தமிழ்நாட்டில் 2023 டிசம்பர் முதல் முத்திரைத்தீர்வை 4 சதவீதம், பதிவுக்கட்டணம் 2 சதவீதம். அது 2,40,000 ரூபாய். மின்விசிறி, அலமாரி, சமையலறை வேலைக்கு 1,60,000 ஆகிறது என்றால், கையை விட்டுப் போனது 44 லட்சம். கைமாறி வரும் பழைய ஃப்ளாட் என்றால் பத்திரச் செலவு மட்டுமே 9 சதவீதம்.

அடுத்து வரவுப் பக்கம். ஆள் மாறும்போது ஆண்டுக்கு ஒரு மாதம் பூட்டிக் கிடந்தால் 13,000 போகும். மெயின்டனன்ஸ் மாதம் 1,500 வீதம் 18,000. சொத்து வரிக்கும் தண்ணீர்க் கட்டணத்துக்கும் 5,000. பெயின்ட், குழாய், மோட்டார் ரிப்பேரை ஆண்டுக்குப் பிரித்தால் 12,000. மொத்தம் 48,000 ரூபாய் கழிந்து 1,08,000 மிஞ்சும். அதை 44 லட்சத்தால் வகுத்தால் கிடைப்பது 2.45 சதவீதம். 3.9-ஐ மறந்துவிட்டு இந்த எண்ணை வைத்துப் பேசுங்கள்.

3. விலை எவ்வளவு ஏறியாக வேண்டும் என்று பின்னாலிருந்து போடுங்கள்

"விலை எவ்வளவு ஏறும்?" என்ற கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை. "எவ்வளவு ஏறினால் எனக்கு நட்டம் இல்லை?" என்ற கேள்விக்குப் பதில் உண்டு. இதே 44 லட்சம் வங்கி வைப்பில் 7 சதவீதம் தருமானால், வாடகை தரும் 2.45 போக, மீதி ஏறக்குறைய 4.5 சதவீதத்தை விலை ஏற்றம் தர வேண்டும். ஆண்டுக்கு 4.5 வீதம் பத்து ஆண்டு கூட்டுவட்டி போட்டால் 44 லட்சம் 68 லட்சமாகும்.

ஆனால் சந்தையில் அந்த ஃப்ளாட்டின் விலை 40 லட்சம்தானே? அது 68 லட்சத்தைத் தொட ஆண்டுக்கு 5.5 சதவீதம் ஏற வேண்டும். பத்திரத்துக்கும் அலமாரிக்கும் போன 4 லட்சத்தையும் விலை ஏற்றமே மீட்டுத் தர வேண்டியிருப்பதால் வந்த வித்தியாசம் இது. வாடகையும் ஆண்டுக்கு ஆண்டு கூடினால் இந்தச் சுமை கொஞ்சம் இறங்கும். இரண்டு மாதம் சேர்ந்தாற்போல் பூட்டிக் கிடந்தால் கூடும்.

4. மனைப் பங்கைக் கேளுங்கள், ஏறுவது அதுதான்

ஃப்ளாட்டின் விலைக்குள் இரண்டு பொருள் இருக்கிறது: பத்திரத்தில் யு.டி.எஸ் என்று எழுதப்படும் பிரிக்கப்படாத மனைப் பங்கும் கட்டடமும். மனையின் விலைதான் காலப்போக்கில் ஏறும். கட்டடம் தேயும். லிஃப்ட் பழசாகும், குழாய் துருப்பிடிக்கும், பக்கத்தில் புதுக் கட்டடம் வந்ததும் வாடகைக்கு வருபவர் அங்கே போவார்.

நம் எடுத்துக்காட்டில் மனைப் பங்கு 400 சதுர அடி, அங்கே மனை சதுர அடி 3,000 ரூபாய் என்றால், 40 லட்சத்தில் மனை 12 லட்சம்தான். மனை ஆண்டுக்கு 8 சதவீதம் ஏறினால் பத்து ஆண்டில் 26 லட்சத்துக்குப் பக்கம் வரும். இரண்டு மடங்குக்கு மேல்! ஆனாலும் ஃப்ளாட் 68 லட்சத்தைத் தொட வேண்டுமானால், 28 லட்சம் கொடுத்து வாங்கிய கட்டடப் பகுதி, பத்து ஆண்டுப் பழசான பிறகு, 42 லட்சத்துக்குப் போக வேண்டும். போகுமா என்று நீங்களே யோசியுங்கள். மாடி உயர உயர ஒவ்வொருவருக்கும் வரும் மனைப் பங்கு சிறுக்கும். எனவே இரண்டு ஃப்ளாட் ஒரே விலை, ஒரே வாடகை என்றால், மனைப் பங்கு பெரியதாக உள்ளதை எடுங்கள்.

5. ஏறுமா என்பதோடு எப்போது என்றும் கேளுங்கள்

"ரயில் வரப்போகிறது, விலை எகிறும்" என்ற சொல்லைப் போடிக்காரர்கள் நன்றாக அறிவார்கள். மதுரை–போடி மீட்டர் கேஜ் பாதை அகலப்பாதையாக மாற்றுவதற்காக 2010 ஆண்டு முடிவோடு நின்றது. தேனி வரை ரயில் திரும்பியது 2022 மே மாதம். போடிக்கு வந்தது 2023 ஜூன் 15 அன்று. பன்னிரண்டு ஆண்டுக்கு மேலான காத்திருப்பு.

ரயிலை நம்பி ஒருவர் 2011-இல் வாங்கிப் போட்ட சொத்து, ரயில் வந்த அன்று இரண்டு மடங்கு ஆகியிருந்தால்கூட அது ஆண்டுக்கு 6 சதவீதம்தான். ஐந்தே ஆண்டில் இரட்டித்திருந்தால் 14 சதவீதத்துக்கு மேல். ஏற்றம் ஒன்றே, காலம்தான் வேறு. 72-ஐ ஆண்டுகளின் எண்ணிக்கையால் வகுத்தால், இரட்டிப்பாக ஆண்டுக்கு எத்தனை சதவீதம் வேண்டும் என்பது தோராயமாகக் கிடைக்கும். அந்தப் பன்னிரண்டு ஆண்டும் வாடகை வந்திருந்தால் காத்திருப்பு தாங்கக்கூடியதாக இருந்திருக்கும். வெறும் ஏற்றத்தை நம்பியவருக்கு நடுவில் அவசரம் வந்தால், வந்த விலைக்கு விற்பதே வழி.

6. கடன் வாங்கினால் மோசமான காய் விலையில் கணக்குப் போடுங்கள்

அதே ஃப்ளாட்டுக்கு 30 லட்சம் கடன், 9 சதவீத வட்டி, 20 ஆண்டு என்றால் மாதத் தவணை 27,000 ரூபாய்க்குச் சற்று உள்ளே. செலவு போக வாடகையில் மிஞ்சுவது மாதம் 9,000. மீதி 18,000-ஐ மாதாமாதம் நீங்கள் போட வேண்டும். முதல் ஆண்டில் வட்டி மட்டுமே இரண்டரை லட்சத்தைத் தாண்டும். மிஞ்சும் வாடகை அதில் பாதிக்கும் கீழே.

அந்த 18,000 தோட்டத்திலிருந்து வர வேண்டுமானால் இன்னும் கவனம் வேண்டும். 2019 ஆகஸ்டில் ஏலக்காய் மின்னேலத்தில் கிலோ 7,000 ரூபாய் வரை போனது. 2022-இல் சராசரி 1,000 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. 2019 விலையில் கணக்குப் போட்டுத் தவணை ஏற்றவர் 2022-இல் என்ன செய்வார்? போடியிலேயே வாங்குவதென்றால் இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. இங்கே வாங்குபவர்களில் பலர் காய் வியாபாரத்தை நம்பியவர்கள். காய் விலை விழும் ஆண்டில் உங்களுக்குப் பணம் தேவைப்படும், வாங்கவும் ஆள் குறைவாக இருக்கும். வாடகைக்காவது, காய் விலை எப்படிப் போனாலும் சம்பளம் வாங்குபவர்களைத் தேடுங்கள்: 2012 முதல் இயங்கும் அரசு பொறியியல் கல்லூரியின் ஆசிரியர்கள், வங்கி, பள்ளி, மருத்துவமனை ஊழியர்கள்.

7. மலைச்சரிவில் "உறுதி வாடகை" என்றால் நிலத்தின் வகையை முதலில் பாருங்கள்

போடிமெட்டு தாண்டி, பூப்பாறை, மூணாறு பக்கம் ரிசார்ட் ஃப்ளாட் வாங்கினால் மூன்று ஆண்டுக்கு 8 சதவீத வாடகை உறுதி என்று யாராவது சொல்லலாம். மூன்று ஆண்டு வாடகையையும் விலையிலேயே ஏற்றி, உங்கள் பணத்தையே உங்களுக்குத் திருப்பித் தர முடியும் என்பதை நினைவில் வையுங்கள். உறுதிக் காலம் முடிந்த கட்டடங்களில் இப்போது என்ன வாடகை கிடைக்கிறது என்று அங்கு வாங்கியவர்களிடமே கேளுங்கள்.

அதைவிடப் பெரியது நிலம். கேரளப் பக்க ஏலமலைப் பகுதியில், ஏலச் சாகுபடிக்கென்றே கொடுக்கப்பட்ட நிலங்கள் நிறைய உண்டு. அங்கே புதிதாகப் பட்டா வழங்கவும், நிலத்தை வணிகப் பயன்பாட்டுக்கு மாற்றவும் 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. கட்டடம் கட்டக்கூடாத நிலத்தில் நிற்கும் ஃப்ளாட்டுக்கு இன்று வாடகை வரலாம். விற்கப் போனால், வாங்க வருபவரின் வங்கி கடன் தராது. பட்டாவில் எந்த வகை நிலம் என்று எழுதியிருக்கிறது என்பதை வழக்கறிஞரிடம் காட்டிய பிறகே அட்வான்ஸ் கொடுங்கள்.

8. வரியைக் கழித்த பிறகு கூட்டுங்கள்

வாடகை வருமானத்தில், கட்டிய சொத்து வரி போக, 30 சதவீதத்தைப் பராமரிப்புக்கென்று கழித்த பிறகே வருமான வரி. விற்கும்போது, இரண்டு ஆண்டுக்கு மேல் வைத்திருந்த வீட்டின் லாபத்துக்கு, 2024 ஜூலை 23-க்குப் பிறகு வாங்கியது என்றால், 12.5 சதவீத வரி. பணவீக்கத்துக்கு ஏற்ப வாங்கிய விலையை உயர்த்திக் காட்டும் சலுகை இல்லை. நம் ஃப்ளாட் 68 லட்சத்துக்கு விற்றால், பத்திரச் செலவோடு சேர்ந்த 42.4 லட்சம் போக லாபம் 25.6 லட்சம், வரி 3.2 லட்சம். புரோக்கர் கமிஷன் தனி. வங்கி வட்டிக்கும் வரி உண்டு. ஆகவே ஒப்பிடும்போது இரண்டு பக்கமும் வரி போட்டே ஒப்பிடுங்கள்.

9. பத்து வயதான ஃப்ளாட்டைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்

நீங்கள் வாங்கப்போகும் தெருவிலேயே பத்து ஆண்டுப் பழைய ஃப்ளாட் ஒன்றைத் தேடுங்கள். tnreginet.gov.in தளத்தில் அந்தச் சொத்தின் வில்லங்கத்தைப் போட்டுப் பார்த்தால், எந்த ஆண்டு எவ்வளவுக்குப் பதிவானது என்பது தெரியும். பத்திரத்தில் எழுதும் தொகை சில நேரம் உண்மை விலையைவிடக் குறைவாக இருக்கும் என்பதால், அங்கே குடியிருப்பவரிடமும் அன்றைய விலையை விசாரியுங்கள். இப்போது என்ன விலைக்குக் கேட்கிறார்கள், வாடகை என்ன, எத்தனை மாதம் பூட்டிக் கிடந்தது என்பதையும் கேட்டு எழுதுங்கள். உங்கள் ஃப்ளாட் பத்து ஆண்டு கழித்து எப்படி இருக்கும் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. அந்தப் பழைய ஃப்ளாட் ஆண்டுக்கு 5.5 சதவீதம் ஏறவில்லை என்றால், நம் எடுத்துக்காட்டு ஃப்ளாட்டை 40 லட்சத்துக்கு வாங்க வேண்டாம். விலையை இறக்கிக் கேளுங்கள், அல்லது வாடகை கூடுதலாக வரும் இடத்தைத் தேடுங்கள்.