நாமே எழுதிய வாசகத்தைப் படத்திலிருந்து நீக்குவது எப்படி?

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையால் சாத்தனூர் அணையிலிருந்து பெருமளவு தண்ணீர் திறந்துவிடப்பட்டபோது, திருக்கோவிலூரில் தென்பெண்ணை கரைபுரண்டு ஓடியது. அந்த நாளில் ஆற்று நடுவே நிற்கும் கபிலர் குன்றை நீங்கள் படம் எடுத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மேலே வானத்தில் “தென்பெண்ணையில் வெள்ளம்”, குன்றின் உச்சியில் உள்ள சிறு கோயில்மேல் ஊர்ப் பெயர், கீழே தண்ணீரில் கறுப்புப் பட்டையில் தேதி. ஸ்டேட்டஸில் போட்டாச்சு. இன்று எழுத்தில்லாத படம் வேண்டும், ஆனால் மூலப்படம் இல்லை. அந்த வெள்ளத்தைத் திரும்பவும் படம் எடுக்க முடியாது.

திருத்துவதற்கு முன் ஒருமுறை தேடிப் பாருங்க. வாட்ஸ்அப்பிலேயே எழுத்தைச் சேர்த்திருந்தால், கேலரியில் உள்ள படம் பெரும்பாலும் மாறாமலேயே இருக்கும். கூகுள் போட்டோஸில் எழுதியிருந்தால், Edit பகுதியில் Revert இருக்கிறதா என்று பாருங்கள். அழித்த படம் அதன் குப்பைத் தொட்டியில், பேக்கப் ஆகியிருந்தால் 60 நாள், ஆகாவிட்டால் 30 நாள் இருக்கும். எழுத்து சேர்க்கும் முன் யாருக்காவது அனுப்பியிருந்தால் அவரிடம் கேளுங்கள். அவரிடம் இருப்பது கொஞ்சம் தரம் குறைந்த படமாக இருந்தாலும், நாம் துடைத்து எடுப்பதைவிட நல்லது.

எதுவும் கிடைக்கவில்லையா? அப்படியானால் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். சேமித்த படத்தில் எழுத்து தனி அடுக்காக இல்லை. வெள்ளை எழுத்து விழுந்த இடத்தில் இருந்த நிறம் போயே போச்சு. செயலி அங்கே பழையதை மீட்பதில்லை, பக்கத்தில் உள்ளதை எடுத்து ஒட்டுகிறது. பாதி தெரியும் கறுப்புப் பட்டை மட்டும் வேறு கதை. அதன் கீழே தண்ணீர் மங்கலாக இன்னும் இருக்கிறது. 50 சதவீதக் கறுப்பு என்றால், 140 வெளிச்சம் இருந்த புள்ளி 70 ஆகியிருக்கும். இரட்டிப்பாக்கினால் கிட்டத்தட்ட திரும்பி வரும்.

அதனால் முதலில் பட்டையிலிருந்து தொடங்குங்கள். ஸ்னாப்சீட் செயலியில் படத்தைத் திறந்து, Tools, பிறகு Brush, அதில் Exposure. அளவைக் கூட்டி, பட்டையின்மேல் மட்டும் விரலால் தேய்க்கவும். பட்டைக்கு வெளியே உள்ள தண்ணீரும் உள்ளே உள்ளதும் ஒரே வெளிச்சத்துக்கு வந்தால் நிறுத்துங்கள். எழுத்தை முதலில் துடைத்தால், செயலி வெளியிலிருந்து வெளிச்சமான தண்ணீரை எடுத்து இருட்டுப் பட்டைக்குள் திட்டுத் திட்டாக ஒட்டிவிடும். வரிசை முக்கியம். பட்டை முழுக் கறுப்பாக இருந்தால் மீட்க ஒன்றுமில்லை, அந்த ஓரத்தை வெட்டிவிடுவதுதான் வழி.

அடுத்து எழுத்துகள். Tools, பிறகு Healing. தூரிகையின் அளவு திரையில் மாறாது. ஆகவே இரு விரலால் படத்தைப் பெரிதாக்கினால் அதே தூரிகை படத்தில் நுண்மையாகிவிடும். சொல் முழுவதையும் ஒரே இழுப்பில் தேய்க்காதீர்கள். ஒவ்வொரு எழுத்தாக, அதன் நிழலையும் ஓரத்தையும் சேர்த்துத் தேய்க்கவும். ஜேபெக் படம் 8×8 புள்ளிக் கட்டங்களாகச் சுருக்கப்படுவதால், எழுத்தைச் சுற்றிலும் சிறு புழுதி படிந்திருக்கும். அதை விட்டுவிட்டால் எழுத்து போனாலும் அதன் ஆவி மாதிரி வடிவம் தெரியும்.

மேகம் மூடிய வானம் எளிது. கலங்கிய தண்ணீரும் ஓரளவு ஏமாற்றிவிடும். ஆனால் ஒரே அலை பக்கத்துப் பக்கத்தில் இரண்டு முறை வந்திருந்தால் கண்ணுக்குத் தட்டும். அப்போது பின்னோக்கு அம்புக்குறியைத் தட்டி, கோணம் மாற்றித் தேய்த்துப் பாருங்கள். குன்றின்மேல் உள்ள கோயில்தான் சிக்கல். சுவரின் நேர்க்கோடு வளைந்துவிடும், விளிம்பு கரைந்துவிடும். கோட்டின் போக்கிலேயே சின்னச் சின்னதாகத் தேய்த்தும் சரிவரவில்லை என்றால், அந்த எழுத்தை அப்படியே விட்டுவிடுங்கள். இல்லாத கோபுரத்தைச் செயலி கற்பனை செய்து கட்டுவதைவிட அது மேல். மனித முகத்தின்மேல் விழுந்த எழுத்துக்கும் இதே விதிதான்.

முடிந்ததும் Export கொடுத்துத் தனிப் படமாகச் சேமியுங்கள், எழுத்துள்ள படத்தை அழிக்க வேண்டாம். வெள்ளச் சேதம் பற்றி ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுப்பதாக இருந்தால், அந்த எழுத்துள்ள படத்தைத்தான் இணைக்க வேண்டும். “வாசகம் நான் சேர்த்தது” என்று மனுவில் ஒரு வரி போதும். துடைத்த படத்தில் சில இடங்கள் கேமரா பார்த்தவை அல்ல, ஆகவே அது வீட்டுச் சுவருக்கும் குடும்பக் குழுவுக்கும் மட்டும்.