விதைக் கடலை முளைக்கவில்லை என்று குறை வந்தால் என்ன பதில் எழுதுவது?

சொந்த நிலத்தில் விளைந்த நிலக்கடலையை விதைக்கென ஒதுக்கி வைத்து, அக்கம்பக்கத்து ஊர்களுக்கு விற்கும் சிறு விவசாயிகள் பலர் உண்டு. என்றாவது ஒரு நாள், “உங்கள் விதை பாதிகூட முளைக்கவில்லை” என்று வாங்கியவரிடமிருந்து கடிதமோ ஆளோ வரலாம். குறை உண்மையாக இருந்தால் எப்படிப் பதில் கொடுப்பது என்பதை ஓர் உதாரணத்துடன் பார்ப்போம்.

முதலில் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். இந்தப் பதிலுக்குக் காலக்கெடு உண்டு. கடலை விதைத்த 7 முதல் 10 நாட்களில் முளைத்து விடும். போக்கிடங்களில் மறுபடி விதை ஊன்றுவதானால் ஏறக்குறைய 12 நாட்களுக்குள் ஊன்றி விட வேண்டும். அதற்கு மேல் ஊன்றினால் முந்திய செடிகளின் நிழலில் பிந்தியவை நலிந்து விடும். அறுவடையின்போது அவற்றில் பிஞ்சுக் காய்களே இருக்கும். எனவே ஒரு வாரம் யோசித்து எழுதும் நல்ல பதிலால் வாங்கியவருக்குப் பயனில்லை.

ஆகையால் பதிலை இரண்டாகப் பிரித்துக் கொள்வது நல்லது. குறை வந்த அன்றே, “தங்கள் கடிதம் கிடைத்தது. நாளைக் காலை வயலுக்கு வருகிறேன். அதுவரை வயலை உழுது விடாமல் வைத்திருக்கவும்” என்று சொல்லி அனுப்ப வேண்டும். வயலைப் பார்த்த பிறகு முழுப் பதில் எழுதலாம்.

வயலில் பார்க்க வேண்டியவை

இறவைப் பயிருக்காக ஒருவர் உங்களிடம் ஓர் ஏக்கருக்கு 50 கிலோ விதைப் பருப்பு வாங்கினார் என்று வைத்துக் கொள்வோம். நூற்றுக்கு எண்பது முளைக்கும் என்று நீங்கள் சொல்லி விற்றிருக்கிறீர்கள். ஒன்பதாம் நாள் குறை வருகிறது. பத்தாம் நாள் நீங்கள் வயலில் நிற்கிறீர்கள்.

ஒரு மீட்டர் நீளமுள்ள நான்கு குச்சிகளைச் சதுரமாகக் கட்டிக் கொள்ளுங்கள். வரிசைக்கு வரிசை 30 செ.மீ., செடிக்குச் செடி 10 செ.மீ. இடைவெளியில் விதைத்திருந்தால் அந்தச் சதுரத்துக்குள் 33 விதைகள் விழுந்திருக்கும். எண்பது சதவீதம் முளைத்திருந்தால் 26 செடிகள் இருக்க வேண்டும். ஐந்து இடங்களில் சதுரத்தை வைத்து எண்ணுங்கள். இந்த வயலில் 15, 18, 14, 17, 16 செடிகள் கிடைத்தன. சராசரி 16. ஆகவே முளைப்பு பாதிதான் என்று அவர் சொன்னது சரி.

இனி, குறை விதையினுடையதா என்று அறிய வேண்டும். செடி இல்லாத பத்து இடங்களை விரலால் மெல்லக் கிளறிப் பாருங்கள். பருப்பு ஊறி, வேர் விடாமல் கொழகொழத்துக் கிடந்தால் பெரும்பாலும் அது உயிரற்ற விதை. வேர் விட்ட பின் கழுத்துப் பகுதி கறுத்து, கரிப்பொடி போன்ற பூசணம் படர்ந்திருந்தால் அது கழுத்தழுகல் நோய். தோல் மட்டும் கிடந்தாலோ ஒன்றுமே இல்லாவிட்டாலோ காக்கை, அணில், எலியின் வேலை. முளை நீண்டு வளைந்து மண்ணுக்குள்ளேயே நின்றிருந்தால் ஆழமாக விதைத்திருக்கிறார்கள், அல்லது மேல்மண் இறுகி விட்டது. இந்த வயலில் பத்தில் எட்டு இடங்களில் ஊறிக் கெட்ட பருப்பே கிடைத்தது. குறை விதையில்தான்.

காரணத்தையும் கண்டுபிடித்தாக வேண்டும். கடலை விதை தோட்டுக்குள் இருக்கும் வரை முளைப்புத் திறன் ஓரளவு காக்கப்படுகிறது. உடைத்து விட்டால் வேகமாகக் குறைகிறது. விதைப்பதற்கு ஒன்றிரண்டு வாரத்துக்குள்தான் உடைக்க வேண்டும். இங்கோ ஆள் கிடைக்காது என்று ஒன்றரை மாதம் முன்பே இயந்திரத்தில் உடைத்து மூட்டை கட்டி வைத்தீர்கள். அந்தக் குவியலில் மிச்சமுள்ள பருப்பில் ஒரு பிடி எடுத்துப் பாருங்கள். தோல் உரிந்தவையும், முளை இருக்கும் நுனி உடைந்தவையும் பலவாக இருந்தால் இயந்திரத்தில் அடிபட்டதும் ஒரு காரணம்.

முழுப் பதில்

இவ்வளவும் தெரிந்த பின் அன்றே எழுதக் கூடிய பதில் இது:

“அன்புள்ள ஐயா,

விதை பாதிதான் முளைத்திருக்கிறது என்று தாங்கள் எழுதியது சரியே. இன்று தங்கள் வயலில் ஐந்து இடங்களில் எண்ணிப் பார்த்தேன். 26 செடி இருக்க வேண்டிய இடத்தில் 16தான் இருக்கிறது. பழுது என் விதையில்தான். விதைப்புக்கு ஒன்றரை மாதம் முன்பே காயை உடைத்து வைத்து விட்டேன். விற்பதற்கு முன் முளைப்புச் சோதனையும் செய்யவில்லை.

போக்கிடங்களில் ஊன்ற 30 கிலோ விதை, இன்று காயிலிருந்து கையால் உடைத்தது, நாளைக் காலை என் செலவில் வந்து சேரும். ஊன்றும் ஆள் கூலியும் என்னைச் சேர்ந்தது. பருப்பைச் சில மணி நேரம் நீரில் ஊற வைத்து, ஈரச் சாக்கில் ஓரிரவு கட்டி வைத்து, வெண்முனை தெரியும் பருப்பை மட்டும் எடுத்து ஈர மண்ணில் ஊன்றினால் விரைவில் எழும்பும். பிந்திய செடிகள் முந்தியவற்றைப் போல் காய்க்கும் என்று நான் உறுதி சொல்ல இயலாது.

இதே குவியலில் விதை வாங்கிய மற்ற இருவருக்கும் இன்றே சொல்லி விட்டேன்.

இப்படிக்கு,”

இப்பதிலில், அவர் சொன்னது சரி என்பது முதல் வரியிலேயே வந்து விடுகிறது. “தவறு ஏதும் நேர்ந்திருந்தால்” என்ற இழுப்பு இல்லை. மழையின் மேலும், அவர் பாய்ச்சிய தண்ணீரின் மேலும் பழி போடவில்லை. “மற்றவர் யாரும் குறை சொல்லவில்லையே” என்ற கேள்வியும் இல்லை. மற்றவர் இன்னும் விதைக்காமலே இருக்கலாம். அவர்களுக்கு முன்னதாகத் தெரிந்தால் அந்த விதையை நிறுத்தி விடுவார்கள்.

கணக்கில் ஒரு நுட்பமும் உண்டு. நீங்கள் சொன்ன 26க்குக் குறைந்தது 10 செடிகளே. அந்தப் பத்துக்கு மட்டும் விதை கொடுத்தால் பேச்சுக்குச் சரியாக இருக்கும். ஆனால் வயலில் ஊன்ற வேண்டிய இடங்கள் 17. அதாவது ஏறக்குறைய பாதி, 25 கிலோ விதை. ஊற வைத்துப் பொறுக்கும்போது கழிவு போகும் என்பதால் 30 கிலோ.

விதைத்து 15 நாட்களுக்கு மேல் ஆகி விட்டால் இந்தப் பதில் பொருந்தாது. அப்போது புதிய விதை அனுப்பினால் அவருடைய கூலியும் வீணாகும். கெட்ட விதைக்குரிய விலையைத் திருப்பிக் கொடுப்பதே முறை. பெரிய போக்கிடங்களில் உளுந்தோ தட்டைப்பயறோ ஊன்றலாமா என்பதை அவரே தீர்மானிக்கட்டும்.

அடுத்த பட்டத்திற்கு

மூட்டைதோறும் எந்த வயல் விளைச்சல், என்று உடைத்தது என்று எழுதி வையுங்கள். விற்பதற்கு முன் 100 பருப்பை எண்ணி ஈர மணலில் ஊன்றிப் பத்தாம் நாள் நல்ல முளைகளை எண்ணுங்கள். நிலக்கடலை விதைக்கு 70 சதவீத முளைப்பு குறைந்தபட்சத் தரம். அதற்குக் கீழே இருந்தால் அதை விதையாக விற்காமல் எண்ணெய்க்கு அனுப்புங்கள். ஒவ்வொரு குவியலிலும் ஒரு கிலோ காயை உடைக்காமல் எடுத்து வைத்தால், குறை வரும் நாளில் உடைத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். பழுது விளைச்சலிலா, உடைத்து வைத்ததிலா என்பது அப்போது தெரிந்து விடும்.