தடை இருக்கு, கவரும் இருக்கு



சந்தையில் கால் கிலோ பச்சை மிளகாய் வாங்கினாலும் கேட்காமலே ஒரு கவரில் போட்டுக் கொடுக்கிறார்கள். கொத்தமல்லிக்கு ஒன்று, தக்காளிக்கு ஒன்று, எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிக்க இன்னொன்று. ஆனால் 2019 ஜனவரி 1 முதல் அந்தக் கவர் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட பொருள். 2018 ஜூன் 5 அன்று இந்தத் தடையைச் சட்டமன்றத்தில் அறிவித்த அப்போதைய முதல்வர் எடப்பாடி கே. பழனிசாமி, நம்ம சேலம் மாவட்டத்துக்காரர்தான். 2021 டிசம்பர் 23 அன்று அடுத்த முதல்வர் மு.க. ஸ்டாலின் "மீண்டும் மஞ்சப்பை" இயக்கத்தைத் தொடங்கி வைத்தார். ஆட்சி மாறியும் தடை மாறவில்லை. சந்தையில் கவரும் மாறவில்லை.

இது ஏன் என்று பார்ப்பதற்கு முன், எதெல்லாம் தடை என்பதைத் தெளிவாகத் தெரிந்து கொள்வோம். கடைக்காரர் சில பேர், "இது தடிமன் கவரும்மா, 120 மைக்ரான், இதுக்குத் தடை இல்லை" என்பார்கள். 120 மைக்ரான் என்பது மத்திய அரசு விதி. 2022 டிசம்பர் 31 முதல் அதற்குக் குறைந்த கவர் நாடு முழுவதும் கூடாது என்று அது சொல்கிறது. தமிழ்நாட்டு ஆணை அதைவிடக் கண்டிப்பானது. கையில் தூக்கிப் போகும் பிளாஸ்டிக் பை மெல்லிசோ தடிமனோ எல்லாமே இங்கே தடைதான்.

இன்னொரு குழப்பம் ஜவுளிக்கடைப் பை. கலர் கலராக, தொட்டால் துணி போலவே இருக்கும். அதுவும் பிளாஸ்டிக் இழைதான், அதுவும் தடைப் பட்டியலில் உண்டு. சந்தேகம் இருந்தால் ஓரத்தில் ஒரு நூல் அளவு கத்தரித்து, வெளியில் வைத்து, இடுக்கியில் பிடித்துத் தீக்குச்சி காட்டுங்கள். பருத்தித் துணி காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து சாம்பலாக உதிரும். பிளாஸ்டிக் சுருண்டு உருகி, ஆறினதும் கெட்டியான மணி போல நிற்கும்.

சரி, தடை ஏன் தோற்றது? 2019 தொடக்கத்தில் சில வாரம் இறைச்சிக் கடையில் தாமரை இலையும் ஓட்டலில் வாழை இலையும் திரும்பி வந்தன. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கவர் நுழைந்தது. 2020 கொரோனா காலத்தில் கேட்க ஆளே இல்லை. அதிகாரிகள் சோதனைக்கு வராமல் இல்லை, வருகிறார்கள். ஆனால் எங்கே வருகிறார்கள்? கீரைக் கட்டோடு தரையில் உட்கார்ந்திருக்கிற அக்காவிடம் வருகிறார்கள். 2019ல் வந்த அபராத விதிப்படி சின்னக் கடைக்கு முதல் தடவை 100 ரூபாய், அப்புறம் 200, அப்புறம் 500. பதுக்கி வைப்பவர், மொத்தமாக விற்பவர், வண்டியில் ஏற்றி அனுப்புபவருக்கு முதல் தடவையே 25,000, அடுத்து 50,000, மூன்றாவது தடவை ஒரு லட்சம். விதி எழுதியவர்கள் சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள். பெரிய குற்றம் மேலே என்று தெரிந்துதான் தொகையை அப்படி வைத்தார்கள். நடைமுறையில் கை எட்டுவது கீழே இருப்பவரைத்தான். சோதனை நாளில் கவர் கட்டு சாக்குக்கு அடியில் போகும், ஜீப் போனதும் வெளியே வரும். கட்டைக் கொடுத்த மொத்தக் கடைக்கு ஒன்றும் ஆவதில்லை.

இரண்டாவது காரணம் காசு. ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மெல்லிய கவர் ஒன்று 2 கிராம் எடை, கிலோ 160 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். கிலோவுக்கு 500 கவர், ஒன்று 32 பைசா. இப்போது துணிப்பை. 36 அங்குல அகலக் காடாத் துணி ஒரு மீட்டரில் இரண்டு பை வரும். 15 அங்குலமாக இரண்டு துண்டு வெட்டினால் மீதி 9 அங்குலத்தில் கைப்பிடிகள். மீட்டர் 30 ரூபாய் என்றால் ஒரு பைக்குத் துணி 15, தையல் கூலியும் நூலும் 5, ஆக 20 ரூபாய். ஒரு துணிப்பை விலையில் அறுபது கவருக்கு மேல் வந்துவிடும். "வேற பை இல்லாம யாவாரம் பண்ணுங்க" என்று கீரை விற்கிறவரிடம் சொன்னால், "ஏனுங்க, பக்கத்துக் கடையில கவர் கொடுத்தா ஆளு அங்கதானுங்க போகும்" என்பார். அவர் சொல்வதில் தப்பில்லை. ஒரு கடை மட்டும் நிறுத்த முடியாது. ஒரு சந்தை முழுக்க ஒரே நாளில் நிறுத்தினால்தான் யாருக்கும் நஷ்டம் இல்லை.

நீலகிரியில் ஓரளவு நடக்கிறதே என்று கேட்பீர்கள். அங்கே மலை ஏறுகிற பாதைகள் சிலதான், ஒவ்வொன்றிலும் சோதனைச் சாவடி போட்டு வண்டியிலேயே பிடிக்கிறார்கள். சேலம், நாமக்கல் சமவெளிக்கு நூறு வழி. இங்கே வாசல் என்றால் சந்தை வாசல்தான்.

இதில் நமக்கு என்ன என்று நினைக்க வேண்டாம். குழுவில் கடன் வாங்கி மாடு பிடித்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! சந்தை முடிந்த மறுநாள் அழுகின காய், சோறு ஒட்டின கவர் எல்லாம் ஓரத்தில் கிடக்கும். மாடு வாசனைக்குக் கவரோடு விழுங்கும். அது முதல் வயிற்றில் செரிக்காது, வெளியேயும் போகாது. ஒன்றோடொன்று முறுக்கிக் கயிற்று உருண்டை போலத் தங்கிவிடும். மாடு அசை போடுவதைக் குறைக்கும், தீனி குறையும், பால் இறங்கும், இடது பக்க வயிறு அடிக்கடி உப்பும். மருந்து கொடுத்தும் உப்புசம் திரும்பத் திரும்ப வந்தால் எண்ணெய் ஊற்றிக் காத்திருக்காமல் கால்நடை மருத்துவரிடமோ நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ கொண்டு போங்கள். வயிற்றைத் திறந்துதான் எடுக்க வேண்டியிருக்கும். கவர் 32 பைசா என்று கணக்குப் போட்டோமே, அதில் இந்த மாடு சேரவில்லை.

என்ன செய்யலாம்? வாரச் சந்தையை ஊராட்சி ஒன்றியமோ பேரூராட்சியோ ஏலம் விடுகிறது. சுங்கம் வசூல் பண்ணுகிற குத்தகைதாரர் ஒவ்வொரு கடைக்கும் போகிறார், எந்தக் கடையில் கவர் என்று அவருக்குத் தெரியும். ஆகவே அடுத்த ஏல நிபந்தனையில் "தடை செய்த கவரைச் சந்தைக்குள் மொத்தமாக விற்க விடக்கூடாது, மீறினால் குத்தகைதாரரே பொறுப்பு" என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் கேட்போம். மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, ஜனவரி 26, மார்ச் 22 ஆகிய நாள்களில் கிராம சபை உண்டு. வாயால் சொன்னால் போதாது, தீர்மானப் புத்தகத்தில் ஏற வேண்டும். மொத்தக் கிடங்கு எங்கே என்று தெரிந்தால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு எழுத்தில் கொடுங்கள், ஒப்புகை வாங்குங்கள். தனி ஆள் பேரில் வேண்டாம், கூட்டமைப்பு பேரில் போகட்டும். சின்னக் கடைக்காரருக்கு அபராதம் போடும் முன் மாற்றுப் பை சந்தையில் கிடைக்க வேண்டும் என்பதையும் அதே மனுவில் எழுதுவது நியாயம்.

மாற்றுப் பைக்கு வழி, முன்பணப் பை. சந்தை வாசலில் குழு ஒரு மேசை போடுகிறது. பை 20 ரூபாய். திருப்பிக் கொடுத்தால் 18 ரூபாய் திரும்பும், 2 ரூபாய் துவைக்க. நூறு பைக்கு முதலீடு 2,000 ரூபாய், ஒரு குழுவின் உள்கடனில் அடங்கும். முப்பது பை திரும்பி வராவிட்டாலும் அவற்றின் 600 ரூபாய் கையில் இருப்பதால் அந்தப் பைகளால் நஷ்டம் இல்லை. நஷ்டம் வருவது மீன், கறி ஈரத்தில் கெட்டுப் போகும் பையால். அதனால் கறிக்குத் தூக்குப்போசிதான் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். குமாரபாளையம், பள்ளிபாளையம் பக்கம் தறிக் கழிவுத் துணி மலிவாகக் கிடைத்தால் வாங்கலாம். வாங்கும் முன் அந்தத் தீக்குச்சிச் சோதனையைப் பண்ணிப் பாருங்கள், பாலியெஸ்டர் கலந்த துணி நிறைய வரும்.

பலன் தெரிய, சந்தை நாளில் வாசலில் நின்று வெளியே வருகிற முதல் நூறு பேரில் எத்தனை பேர் கையில் கவர் என்று எண்ணி, தேதியோடு குழு நோட்டில் எழுதுங்கள். மாதம் ஒரு தடவை போதும். எண்ணிக்கையை அடுத்த கிராம சபைக்கு எடுத்துப் போகலாம்.