கருத்துப் படிவங்களைச் செப்பனிடுதல்

ஆசிரியர் பயிற்சி முகாமின் முடிவில் கணினிவழிப் பெற்ற கருத்துப் படிவங்களை அட்டவணையாக எடுத்தபோது 120 வரிசைகள் இருந்தன என்று கொள்வோம். இவை 120 பேரின் கருத்துகள் என்று உடனே முடிவு செய்தலாகாது. மூல அட்டவணையைத் தொடாது வைத்து, அதன் படியொன்றில் வேலையைத் தொடங்குக.

ஒருவரே இருமுறை அனுப்பியிருந்தாலும் இரு வரிசைகளின் நேரக்குறிப்பு வேறுபடும். ஆகவே முழு வரிசைகளையும் ஒப்பிட்டால் இரட்டிப்பு புலப்படாது. கைபேசி எண்ணைக் கொண்டு அடுக்கிப் பார்த்தல் வேண்டும். எண் ஒன்றாயினும் பெயர் வேறாயின், இருவர் ஒரே கைபேசியைப் பயன்படுத்தியிருக்கலாம், அவ்விரண்டையும் வைத்துக்கொள்க. பெயரும் ஒன்றாயின் நிறைவான படிவத்தையும், இரண்டும் நிறைவாயின் பிந்தியதையும் கொள்க. எப்போதும் பிந்தியதையே கொண்டால், பாதியில் விடப்பட்ட படிவம் முழுப் படிவத்தை வெளியேற்றிவிடும்.

இவ்வாறு 14 வரிசைகளும், பெயர் மட்டும் எழுதப்பட்ட 6 வரிசைகளும் நீங்க, எஞ்சியவை 100. பயிற்சிக் காலம் போதுமானதா என்னும் வினாவிற்கு 60 பேர் 'ஆம்' என்றும், 20 பேர் 'இல்லை' என்றும் எழுதினர். 20 பேர் அவ்விடத்தை வெற்றிடமாக விட்டனர். வெற்றிடம் 'இல்லை' என்னும் விடையாகாது. ஆதலின் விடையளித்த 80 பேரில் 60 பேர், அதாவது நூற்றுக்கு 75 பேர், 'ஆம்' என்றனர். 100-ஆல் வகுத்தால் இது 60 எனப் பிழையாகக் குறையும்.

துறைக்கு அனுப்பும் அறிக்கையில் இவ்வீதத்துடன், விடையளித்தோர் 80, விடையளியாதோர் 20 என்பதையும், நீக்கிய 20 வரிசைகளுக்குரிய காரணத்தையும் குறிப்பிடுக. விடையளியாதோரின் கருத்து வேறாகவும் இருக்கலாம் என்பதைப் படிப்போர் அப்போதுதான் உணர்வர்.